பயண முன்பணப் படிவம்: மூன்று ‘ஒப்புதல்’ கையெழுத்து இருந்தும் ஒப்பளித்தவர் யார் என்று தெரியவில்லை

குன்னூர் மேலாளர்:

அனைவருக்கும் வணக்கம். குன்னூருக்கு அருகில், சிறு விவசாயிகளிடமிருந்து பச்சைத் தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தைக் கவனித்து வருகிறேன். வெளியூர் செல்லும் பணியாளர்களுக்கு முன்பணம் கொடுக்க எங்களிடம் அரைப் பக்கப் படிவம் ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. அதன் அடியில் மூன்று கோடுகள் இருக்கும். மூன்றின் கீழும் ‘ஒப்புதல்’ என்று மட்டுமே அச்சிட்டிருக்கும்.

ஜூன் மாதம் இலையை நறுக்கும் சிடிசி ரோலருக்குப் பல் தீட்டுவதற்காக, தூள் தயாரிப்பைக் கவனிக்கும் எங்கள் டீமேக்கர் கோயம்புத்தூர் சென்றபோது, அந்தப் படிவத்தில் 18,500 ரூபாய் கேட்டு வாங்கிச் சென்றார். கணக்காய்வுக்கு வந்தவர், இந்தத் தொகையை ஒப்பளித்தது யார் என்று கேட்டார். கணக்கர், தாம் கையிருப்பு உள்ளதா என்று மட்டுமே பார்த்ததாகச் சொன்னார். நான், பயணம் தேவை என்பதற்காகக் கையெழுத்திட்டேன் என்றேன். பங்குதாரரோ, கீழே இருவர் கையெழுத்திட்டிருந்ததால் தாமும் இட்டதாகச் சொன்னார். மூன்று கையெழுத்துகள் இருந்தும் ஒப்பளித்தவர் ஒருவரும் இல்லை.

அதன் பிறகு தொகை வாரியாக நிலைகளை வகுத்தோம். 10,000 ரூபாய் வரை நானே ஒப்பளிக்கலாம்; 25,000 வரை நிர்வாகப் பங்குதாரர்; அதற்கு மேல் இரண்டு பங்குதாரர்கள் சேர்ந்து. இதற்குப் பின் ஆகஸ்டில் அதே போன்ற ஒரு பயணத்துக்கு, ஒரே தேதியில், 9,500 ரூபாய்க்கு ஒரு படிவமும் 9,000 ரூபாய்க்கு இன்னொரு படிவமும் இருவேறு பெயர்களில் என் மேசைக்கு வந்தன. இரண்டிலும் நானே கையெழுத்திட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். படிவத்தை எப்படி அமைக்க வேண்டும், ஒவ்வொரு கையெழுத்தின் மேலும் என்ன வாசகம் இருக்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

உதகை கணக்கர்:

இதற்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அரசு அலுவலகங்களில் பயன்படுத்தும் பயண முன்பணப் படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, துறையின் பெயர் இருக்கும் இடத்தில் தொழிற்சாலையின் பெயரைப் போட்டால் போதும். மேலும், 10,000 ரூபாய்க்கு மேல் யாருக்கும் ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது என்று வருமான வரிச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆகவே உங்கள் முதல் நிலையின் வரம்பு சரியானதே. அதற்கு மேல் ரொக்க முன்பணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கூடலூர் ஆசிரியை:

எங்கள் பள்ளியில் முன்பணத்துக்கு விண்ணப்பித்தால் தலைமையாசிரியர் ஒருவர் கையெழுத்திட்டாலே போதும். பத்துத் தவணைகளில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். உங்களுக்கு ஏன் மூன்று நிலைகள் தேவைப்படுகின்றன என்பது புரியவில்லை.

குன்னூர் மேலாளர்:

அம்மா, தாங்கள் சொல்வது பண்டிகை முன்பணம் என்று நினைக்கிறேன். அது பணியாளரின் சொந்தச் செலவுக்குக் கொடுக்கும் கடன். நான் கேட்பது அலுவலக வேலையாக வெளியூர் செல்பவர் கையில் கொடுத்தனுப்பி, அவர் திரும்பியதும் கணக்குக் கேட்கும் பணத்தைப் பற்றி.

ஓய்வுபெற்ற தணிக்கையர், கோத்தகிரி:

முதலில் உதகை நண்பர் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டம் ரொக்கம் கொடுப்பதைத் தடுக்கவில்லை. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகச் செலுத்தினால், அதைத் தொழிலின் செலவாகக் கழித்துக்கொள்ள இயலாது என்பதே விதி. 2017 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 20,000 ஆக இருந்தது. இந்த விதி குன்னூர் நண்பரைத் தொடும் இடமும் வேறு. டீமேக்கர் கையில் 18,500 ரூபாய் கொடுத்ததை விட, அவர் அதிலிருந்து ரோலர் பட்டறைக்கு ஒரே நாளில் எவ்வளவு ரொக்கமாகக் கொடுத்தார் என்பதே கேள்விக்கு உரியது. எவ்வளவு என்று சொல்ல முடியுமா?

குன்னூர் மேலாளர்:

பட்டறைக்கு 15,500 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார், ஐயா. மீதி 3,000 ரூபாய்தான் பயணச் செலவு.

ஓய்வுபெற்ற தணிக்கையர், கோத்தகிரி:

அப்படியானால் உங்கள் படிவத்தின் முதல் குறை கையெழுத்துப் பகுதியில் இல்லை. ‘தொகை’ என்ற ஒற்றைக் கட்டத்தில் இருக்கிறது. பட்டறைக் கூலி பயணச் செலவே அல்ல. அதை வேலை ஆணை கொடுத்து, வங்கி வழியாகப் பட்டறையின் கணக்குக்கு நேரே அனுப்பியிருக்க வேண்டும். 3,000 ரூபாய் முன்பணம் உங்கள் கையெழுத்திலேயே முடிந்திருக்கும். பங்குதாரர் வரை போயிருக்கவே தேவையில்லை. நிலைகளை வகுப்பதற்கு முன்பாக, தொகை கேட்கும் இடத்தைத் தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து, சாலைச் செலவு என்று நான்கு வரிகளாகப் பிரித்து, அதன் கீழே ‘பொருள் வாங்கவோ பழுதுபார்ப்புக் கூலி கொடுக்கவோ இப்படிவத்தில் பணம் கோரக் கூடாது’ என்று ஒரு வரி அச்சிடுங்கள். அலுவலகமே எடுத்துக் கொடுத்த ரயில், பேருந்துச் சீட்டுகளை ‘அலுவலகம் செலுத்தியது’ என்ற தனி வரியில் காட்டலாம். அதைக் கூட்டுத்தொகையில் சேர்க்கக் கூடாது.

இனி கையெழுத்துக்கு வருகிறேன். பணியில் இருந்த காலத்தில் நான் பார்த்த படிவங்களில், கையெழுத்தின் கீழே பதவியின் பெயர் மட்டும் இருக்கும். பதவி, இட்டவர் யார் என்று சொல்கிறதே ஒழிய, அவர் எதற்கு இட்டார் என்று சொல்வதில்லை. ஆகவே ஒவ்வொரு கோட்டுக்கும் மேலே முழு வாக்கியம் ஒன்று இருக்க வேண்டும். அந்த வாக்கியத்தைத்தான் அவர் கையெழுத்திட்டு ஏற்கிறார். ‘ஒப்புதல்’ என்ற ஒரே சொல்லை மூன்று இடங்களில் போடாமல், பரிந்துரை, சரிபார்ப்பு, ஒப்பளிப்பு என்று மூன்று வேறு சொற்களாக்கிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்.

பரிந்துரை: ‘இப்பயணம் அலுவலகப் பணிக்குத் தேவையானது என்றும், மேலே கண்ட நாட்கள் போதுமானவை, மிகையல்ல என்றும் சான்றளிக்கிறேன்.’ இதில் பணத்தைப் பற்றிய பேச்சே வரக் கூடாது. பயணம் செய்பவரின் நேர்மேலாளர் இடுவது இது.

சரிபார்ப்பு: ‘கோரிய வீதங்கள் நடைமுறையில் உள்ள பயணப்படி அட்டவணைக்கு உட்பட்டவை. இவர் பெயரில் இன்றைய தேதியில் கணக்கு முடிக்கப்படாத முன்பணம் ரூ. ____. இக்கோரிக்கை ____ ஆம் நிலைக்கு உரியது.’ இது கணக்கருக்கு உரியது. அவர் ஒப்புதல் தருபவர் அல்ல. ஏடுகளைப் பார்த்து உண்மை நிலையைச் சொல்பவர். எந்த நிலை என்பதை அவரே குறிப்பதால், விண்ணப்பதாரர் தமக்கு வசதியான நிலையைத் தேர்ந்தெடுக்க வழியில்லாமல் போகும்.

ஒப்பளிப்பு: ‘ரூ. ____ (எழுத்தால்: ________) மட்டும் முன்பணமாக வழங்க ஒப்பளிக்கிறேன்.’ தொகையை எண்ணாலும் எழுத்தாலும் ஒப்பளிப்பவரே தம் கையால் எழுத வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். விண்ணப்பதாரர் எழுதிய தொகையின் அடியில் வெறுமனே கையெழுத்திடுபவர் தொகையைப் படிப்பதில்லை. ‘ஒன்பதாயிரத்து அறுநூற்று எண்பது’ என்று தாமே எழுத வேண்டியிருந்தால் ஒரு கணமாவது நின்று பார்ப்பார். குறைத்து ஒப்பளிக்கவும் அப்போதுதான் மனம் வரும்.

கள அலுவலர், பந்தலூர்:

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் நிலைகள் மிகத் தெளிவாகவே இருந்தன; ஆனால் இரண்டாம் நிலையில் இருந்தவர் விடுப்பில் சென்றுவிட்டார். சென்னைப் பயணத்துக்கு முந்தின நாள் மாலை வரை என் படிவம் அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே கிடந்தது. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால், மைத்துனரிடம் 6,000 ரூபாய் கைமாற்று வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அவர் திரும்பி வந்து, நான் பயணம் முடித்துத் திரும்பிய பிறகு, பயணத்துக்கு முந்தைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். பின்னர் அந்தத் தேதியைக் காட்டி, முன்பணம் ஒப்பளித்தும் நான் ஏன் வாங்கிக்கொள்ளவில்லை என்று கணக்குப் பிரிவு என்னிடமே விளக்கம் கேட்டது. படிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆள் இல்லையென்றால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற தணிக்கையர், கோத்தகிரி:

பந்தலூர் நண்பர் சொல்வது படிவத்திலேயே தீர்க்கக்கூடியது. ஒவ்வொரு நிலைக்கும் மாற்று ஒப்பளிப்பவர் யார் என்று படிவத்தின் பின்பக்கத்திலேயே பதவிப் பெயருடன் அச்சிட வேண்டும். மாற்று ஆள் எப்போதும் மேல்நிலையில் உள்ளவராகவோ அதே நிலையில் உள்ளவராகவோதான் இருக்க வேண்டும். கீழ்நிலையில் உள்ளவர் ‘சார்பில்’ என்று எழுதிக் கையெழுத்திட இடம் தரக் கூடாது. அதோடு ‘ஒரு வேலை நாளுக்குள் முடிவு தெரிவிக்கப்படாத படிவம் மாற்று ஒப்பளிப்பவருக்குச் செல்லும்’ என்றும் எழுதுங்கள். பெறப்பட்ட தேதி, முடிவெடுத்த தேதி என்று இரண்டு கட்டங்கள் இருந்தால், மேசைக் கண்ணாடிக்கு அடியில் எத்தனை நாள் கிடந்தது என்பது தானாகவே தெரிந்துவிடும். முன்தேதி இடுவதற்கும் யோசிப்பார்கள்.

பயணம் செய்பவர் தம் படிவத்தில் எந்த நிலையிலும் கையெழுத்திடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலாளரே பயணம் செய்தால் 2,000 ரூபாயானாலும் பங்குதாரர்தான் ஒப்பளிக்க வேண்டும்.

கொடைக்கானல் விடுதி அலுவலகம்:

நாங்களும் மலையில்தான் இருக்கிறோம். பொருள் வாங்க எங்கள் ஆட்கள் வாரந்தோறும் வத்தலக்குண்டும் மதுரையும் போய்வருகிறார்கள். படிவத்தைக் கணினியிலேயே விரிதாளாக வைத்திருக்கிறோம். நிலையைக் கணக்கர் கையால் எழுதுவதற்குப் பதிலாக, அதுவே காட்டும்படி செய்திருக்கிறோம். எங்கள் தாளில் B14 புதிய கோரிக்கை, B15 முடிக்கப்படாத பழைய முன்பணம். உங்கள் வரம்புகளைப் போட்டு எழுதினால் இப்படி வரும்:

```
=IF(B14+B15<=10000,"நிலை 1",IF(B14+B15<=25000,"நிலை 2","நிலை 3"))
```

குன்னூர் நண்பருக்காக ஓர் எடுத்துக்காட்டையும் போட்டுப் பார்த்தேன். இருவர் மூன்று நாள் சென்னை செல்வதாகவும் ரயில் சீட்டுகளை அலுவலகமே எடுத்ததாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறை இரண்டு இரவுக்கு 1,800 வீதம் 3,600. உணவு ஆளுக்கு நாளொன்றுக்கு 500 வீதம் 3,000. உள்ளூர்ப் போக்குவரத்து நாளுக்கு 600 வீதம் 1,800. மலையிறங்கி ஏற 400. ஆக 8,800. எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம் 880 சேர்த்தால் 9,680. இது முதல் நிலைக்குள் அடங்கும். ஆனால் அதே ஆள் பெயரில் சென்ற மாத முன்பணம் 4,200 ரூபாய் இன்னும் கணக்கு முடியாமல் இருந்தால், 13,880 ஆகி இரண்டாம் நிலைக்குப் போய்விடும். பழைய கணக்கை முடித்துவிட்டு வந்தால் மேலாளரே கையெழுத்திடலாம். எங்கள் ஆட்கள் இப்போது ரசீதுகளைத் தாமாகவே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

உதகை கணக்கர்:

ரொக்க வரம்பைப் பற்றி நான் சொன்னது முழுமையாகச் சரியில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் பழைய நிலுவையைப் புதிய தொகையோடு கூட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஒப்பளிப்பவர் ஒப்பளிப்பது 9,680 ரூபாயைத்தான். 13,880 ரூபாயை அல்ல. நிலுவை இருந்தால் புதிய முன்பணமே கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். மேலும், ஆகஸ்டில் வந்ததைப் போல இருவர் பெயரில் இரண்டு படிவங்கள் வந்தால் உங்கள் சூத்திரம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

கொடைக்கானல் விடுதி அலுவலகம்:

கண்டுபிடிக்காது. அதை நாங்கள் யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற தணிக்கையர், கோத்தகிரி:

உதகை நண்பரின் இரண்டாவது கேள்வி மிகச் சரியான கேள்வி. வரம்பை ஆளுக்கோ படிவத்துக்கோ வைக்காமல் பயணத்துக்கு வைக்க வேண்டும். படிவத்தின் வலது மேல்மூலையில் ‘பயண எண்’ என்று ஒரு கட்டம் வையுங்கள். அந்த எண்ணை விண்ணப்பதாரருக்குக் கணக்கர்தான் பதிவேட்டிலிருந்து தர வேண்டும். ஒரே இடத்துக்கு, ஒரே வேலைக்கு, ஒரே நாட்களில் எத்தனை பேர் போனாலும் ஒரே எண், ஒரே படிவம், முன்பணம் அவர்களில் ஒருவர் பெயரில். உடன் செல்பவர்களின் பெயர்கள் கீழே பட்டியலாக வரும். வேறு வேறு படிவமாகத்தான் கொடுப்போம் என்றால், அதே பயண எண்ணில் முன்பே ஒப்பளித்த தொகையையும் சரிபார்ப்பு வாக்கியத்தில் காட்ட வேண்டும். ஆகஸ்டில் இந்த ஒரு கட்டம் இருந்திருந்தால், இரண்டாவது படிவத்தில் 9,000 என்பதற்கு மேலே 9,500 என்று எழுதியிருக்கும். குன்னூர் நண்பர் கையெழுத்திட்டிருக்க மாட்டார்.

நிலுவை இருந்தால் அறவே கிடையாது என்பது சமவெளியில் நடக்கலாம். மழைக்காலத்தில் இயந்திரம் பழுதாகும் வாரத்தில், முந்தாநாள் திரும்பிய அதே எலக்ட்ரீஷியனை மறுபடியும் அனுப்ப வேண்டியிருக்கும். அவருடைய கணக்கு முடிக்க வேண்டிய கெடு இன்னும் முடிந்தே இருக்காது. கெடு தாண்டிய நிலுவை இருந்தால் மறுக்கலாம். கெடுவுக்குள் உள்ள நிலுவையைக் கூட்டிப் பார்க்கலாம் என்பது என் கருத்து. உதகை நண்பர் ஏற்க மாட்டார் என்று தெரியும்.

உதகை கணக்கர்:

ஏற்கவில்லைதான்.

குன்னூர் மேலாளர்:

மிக்க நன்றி. கெடு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் படிவத்தில் விண்ணப்பதாரரின் உறுதிமொழி இப்படி இருக்கிறது: ‘திரும்பும் நாளிலிருந்து 7 நாட்களுக்குள் கணக்குக் காட்டாவிட்டால் முழுத் தொகையையும் அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.’ சென்ற ஆண்டு பர்லியாறு அருகே மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை மூடப்பட்டபோது, எங்கள் ஆள் ஒருவர் மேட்டுப்பாளையத்திலேயே ஒரு நாள் தங்கி, மறுநாள் கோத்தகிரி வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தார். படிவத்தில் இருந்தது திட்டமிட்ட நாள். அதை வைத்துக் கெடுவைக் கணக்கிட்டதால், ஒரு நாள் தாமதம் என்று குறித்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற தணிக்கையர், கோத்தகிரி:

‘திரும்பும் நாள்’ என்பதை ‘பணிக்குத் திரும்பிய நாள்’ என்று மாற்றினாலே போதும். அந்த நாளை வருகைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். ‘7 நாட்கள்’ என்பதையும் ‘7 வேலை நாட்கள்’ என்று எழுதுங்கள். சாலை மூடியதால் கூடிய ஒரு நாள் தங்கல் போன்றவற்றுக்குப் புதிய ஒப்பளிப்பு கேட்க வேண்டியதில்லை. மேலாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, கணக்குத் தரும்போது காரணத்தை எழுதிப் பரிந்துரைத்தவரின் சுருக்கொப்பம் பெறலாம் என்று ஒரு வரி போதும்.

ஆனால் ‘முழுத் தொகையையும் அடுத்த மாதச் சம்பளத்தில்’ என்ற வாசகத்தை எடுத்துவிடுங்கள். ஊதியத்திலிருந்து செய்யும் பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து, பொதுவாக அந்த மாத ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அந்தப் பாதி வரம்பை வைத்திருக்கிறது. 22,000 ரூபாய் வாங்குபவரிடம் 14,000 நிலுவை இருந்தால், ஒரே மாதத்தில் பிடிக்கக்கூடியது அதிகபட்சம் 11,000. மற்ற பிடித்தங்கள் இருந்தால் அதிலும் குறையும். பணியாளர் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார் என்பது அங்கே உதவாது. இப்படி எழுதலாம்: ‘பணிக்குத் திரும்பிய நாளிலிருந்து 7 வேலை நாட்களுக்குள் ரசீதுகளுடன் கணக்கையும் மீதித் தொகையையும் ஒப்படைப்பேன். தவறினால், கணக்கு முடிக்கப்படாத தொகையைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு உட்பட்டு என் ஊதியத்திலிருந்து தவணைகளில் பிடித்தம் செய்யச் சம்மதிக்கிறேன்.’

கள அலுவலர், பந்தலூர்:

ரசீது கிடைக்காத செலவுகளையும் மறந்துவிட வேண்டாம். மலைப்பாதையில் பகிர்ந்து போகும் ஜீப்புக்கு எவரும் ரசீது தருவதில்லை.

குன்னூர் மேலாளர்:

அதற்கு ‘ரசீது இல்லாச் செலவு’ என்று கணக்கு முடிக்கும் தாளில் ஒரு வரியும், நாளொன்றுக்கு ஓர் உச்சவரம்பும் வைக்கிறோம். எவ்வளவு என்பதைப் பங்குதாரர்தான் சொல்ல வேண்டும்.

நேற்று ஒரு தாளின் முன்பக்கத்தில் எல்லாவற்றையும் அடக்கிப் பார்த்தேன். மேலே பயண எண், பயணம் செய்பவர், உடன் செல்பவர்கள், இடம், வேலை, நாட்கள். நடுவே நான்கு செலவு வரிகளும் உறுதிமொழியும். அதன் கீழே மூன்று வாக்கியங்களும் மூன்று கையெழுத்துகளும். கடைசியில், கோடு கிழித்துப் பிரித்து, பணம் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து. நிலைகளின் அட்டவணையும் மாற்று ஒப்பளிப்பவர்களும் பின்பக்கத்தில். மூன்றாம் நிலைக்கு இரண்டாவது பங்குதாரர் கையெழுத்திட வேண்டிய கோட்டை மட்டும் ஒப்பளிப்புக்குப் பக்கத்தில் தனியாக வைத்து, ‘25,000 ரூபாய்க்கு மேல் மட்டும்’ என்று எழுதியிருக்கிறேன். மற்ற நேரங்களில் கணக்கர் அதன் குறுக்கே கோடு போட்டுவிடுவார்.

தீராமல் இருப்பது ஒன்று. எங்கள் பங்குதாரர் பாதி மாதம் கோயம்புத்தூரில் இருப்பவர். படிவத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘சரி’ என்று பதில் வருகிறது. அதை ஒப்பளிப்பாக எடுத்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற தணிக்கையர், கோத்தகிரி:

‘சரி’ என்பதை நான் ஏற்க மாட்டேன். எது சரி என்று அதில் இல்லை. பயண எண்ணும் தொகையும் அவரே தட்டச்சு செய்து அனுப்பினால், அதை அச்சிட்டுப் படிவத்தோடு இணைத்து, அவர் வந்ததும் கையெழுத்துப் பெறும் வரை தற்காலிகமாக ஏற்கலாம்.

கொடைக்கானல் விடுதி அலுவலகம்:

எங்கள் கணக்காய்வாளர் அதையும் ஏற்கவில்லை. மின்னஞ்சல் வேண்டும் என்கிறார்.

உதகை கணக்கர்:

எங்கள் கணக்காய்வாளர் வாட்ஸ்அப்பை ஏற்றுக்கொண்டார். உங்கள் கணக்காய்வாளரிடமே முன்கூட்டிக் கேட்டு, அவர் சொல்வதைப் படிவத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டுவிடுங்கள்.

குன்னூர் மேலாளர்:

திங்கட்கிழமை அவரிடம் கேட்டுவிடுகிறேன். அதுவரை அச்சகத்துக்கு அனுப்பாமல், இருபது பிரதிகள் மட்டும் நகலெடுத்துப் புழங்கவிடுகிறோம்.